ஒரே கிண்டலுக்கு ஒரு தடவை முகம் சுளிச்சாங்க, ஒரு தடவை சிரிச்சாங்க. கடைசி வார்த்தையில என்ன இருக்கு?

மைக்செட் தினேஷ்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல மைக்செட், லைட்டு வாடகைக்கு விடுறேன். கூப்பிட்டா மேடையில பேசவும் செய்வேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் நண்பனோட ரிசப்ஷன். சின்ன வயசுல இருந்து ஒரே தெரு நாங்க. மாப்பிள்ளையைக் கொஞ்சம் ஓட்டச் சொல்லி பசங்க என்கிட்ட மைக்கைக் குடுத்தாங்க. நான் சொன்னது இது:

"மாப்பிள்ளை நல்லா பாடுவான், நல்லா சமைப்பான், வாங்கின கடனை மட்டும் திருப்பித் தரவே மாட்டான்."

எங்க பசங்க நாலு பேர் சிரிச்சாங்க. பொண்ணு வீட்டு வரிசையில ஒருத்தர்கூட சிரிக்கல. பொண்ணோட சித்தப்பா மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாரு. பந்தியில உட்கார்ந்தப்போ நண்பனோட அப்பாகிட்ட "பையனுக்கு எவ்ளோ கடன் இருக்கு?"ன்னு கேட்டாராம். நண்பன் இதுவரைக்கும் என்கிட்ட ஒன்னும் சொல்லல. அதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

ஆனா அதே மேடையில அரை மணி நேரம் கழிச்சு இன்னொருத்தன் மைக் வாங்கி இப்படிச் சொன்னான்:

"இவன்கிட்ட எனக்குப் பிடிச்சது இவன் பொறுமை, இவன் குரல், என் ஹெல்மெட்."

மண்டபமே சிரிச்சுது. சித்தப்பாவும் சிரிச்சாரு. மாப்பிள்ளை மேடையிலயே கையெடுத்துக் கும்பிட்டான். யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பேரும் சொன்ன குத்தம் ஒன்னுதான். வாங்கினா தரமாட்டான். ரெண்டுலயும் மூணு விஷயம், ரெண்டுலயும் மூணாவதுலதான் குத்து. என்னுது திட்டாவும் அவனுது ஜோக்காவும் ஆனது எதனால? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, நான் இன்னும் நூறு மேடை ஏறணும்.

கேரம் கார்த்தி

சிம்பிள் மச்சி. மூணுங்கிறது விதி. ரெண்டை ஒரே மாதிரி சொல்லிட்டு மூணாவதை மாத்தணும். நீ மாத்தினே, ஆனா இழுத்துட்டே. மூணாவது ரயில் மாதிரி நீளமா போகுது. "பாடுவான், சமைப்பான், தரமாட்டான்"னு வெட்டி இருந்தா சிரிச்சிருப்பாங்க.

பட்டாளம் ரசிகன்

பஞ்ச் டயலாக் பத்தித்தானே கேக்குறீங்க? படத்துல ஹீரோ ஒரே வரியை மூணு இடத்துல சொல்லுவாரு, மூணாவது தடவை தியேட்டர் கிழியும். மேடையிலயும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப சொல்லிப் பாருங்க தல.

மைக்செட் தினேஷ்

ரசிகன் அண்ணே, அது வேற. அங்க மூணாவதும் அதே வரிதான் வரும்னு தெரிஞ்சு காத்திருந்து கைதட்டுறாங்க. நான் கேக்குறது மூணாவது மாறிப்போற கதை.

கார்த்தி, "பாடுவான், சமைப்பான், தரமாட்டான்"னு சொல்லிப் பார்த்தேன். என்னத்தைத் தரமாட்டான்னு வீட்டுக்காரி கேக்குறா.

ஓய்வுபெற்ற தமிழய்யா

தம்பி தினேஷ், தொண்டையார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்வரிசைப் பையன்களிடம் கிண்டல் வாங்கியும் பழக்கம். உங்க ரெண்டு வரியையும் சொல் சொல்லாகப் பிரிச்சுப் பார்க்கலாம்.

உங்க வரியில் "கடனை" என்ற சொல் வந்ததுமே கேட்கிறவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு "மட்டும் திருப்பித் தரவே மாட்டான்" என்று நாலு சொல் ஓடுகிறது. அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், நீங்கள் இன்னும் தெருமுனையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். சிரிப்பு எழுந்த இடத்தில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் சபை சிரிப்பை அடக்கிக்கொள்ளும். அடக்கின சிரிப்பு திரும்ப வராது.

இது உங்க தப்பு மட்டும் இல்லை. தமிழின் அமைப்பு அப்படி. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். எதிர்பாராத சொல்லோ பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக இருக்கும். அதனால் குத்துகிற சொல் எப்பவுமே ஒரு படி முன்னாடி வந்துவிடும், பின்னால் "இருக்கு", "பண்றான்", "மாட்டான்" என்று ஒரு வால் தொங்கும். வாலை வெட்ட ஒரு வழி உண்டு. வினையை வினையாலணையும் பெயராக்கி முன்னாடி தள்ளிவிட வேண்டும். ஹெல்மெட் வரி சொன்னவர் என்ன செய்தார் பாருங்கள். "எனக்குப் பிடிச்சது" என்று வினையை வாசலிலேயே முடித்துவிட்டார். அதற்கப்புறம் வெறும் பெயர்கள். பொறுமை, குரல், ஹெல்மெட். கடைசிச் சொல் விழுந்ததும் வாக்கியமும் முடிந்தது. சிரிக்க இடம் திறந்து கிடக்கிறது.

அடுத்தது "மட்டும்". திரும்புவதற்கு முன்னாலேயே கையைக் காட்டிவிட்டீர்கள். "மட்டும்" என்றதும் இனி குறை வரப்போகிறது என்று சபை தயாராகிவிடும். "ஆனா", "என்ன ஒன்னு" என்பவையும் அப்படித்தான். அவர் வரியில் அப்படி எச்சரிக்கிற சொல்லே கிடையாது. "இவன், இவன்" என்று போய், மூன்றாவதில் "என்" என்று ஒரே சொல் வித்தியாசத்தில் திரும்புகிறது.

இவை எல்லாம் வெளிக்கட்டு. உள்ளே இருக்கிற விஷயம் இது. அவர் வரியில் "கடன்" என்ற சொல் இல்லை. "திருப்பித் தரவில்லை" என்பதும் இல்லை. என் ஹெல்மெட் எப்படி இவன்கிட்ட வந்தது என்று சபைதான் ஒரு நொடியில் யோசித்து, "ஓ, வாங்கிட்டுப் போனவன் திருப்பிக் குடுக்கவே இல்லை" என்று முடித்துக்கொள்கிறது. வசையை மேடையில் நின்றவர் சொல்லவில்லை, உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். தானே கண்டுபிடித்த சந்தோஷம்தான் அந்தச் சிரிப்பு. நீங்களோ குற்றத்தை நீங்களே முழுசாக வாசித்துவிட்டீர்கள். சபைக்குச் செய்ய வேலை இல்லை. அதனால் அது சித்தப்பா காதில் ஒரு தகவலாகப் போய் விழுந்தது, தகவல் கேட்டவர் விவரம் விசாரித்தார்.

கேரம் கார்த்தி

ஐயா சூப்பர். ஆனா வினையைத் தள்ளாமலே பண்ணலாமே? "மாப்பிள்ளைக்குப் பொறுமை இருக்கு, குரல் இருக்கு, என் ஹெல்மெட்டும் இருக்கு." மூணு "இருக்கு" வருது, தாளமா இருக்கு.

ஓய்வுபெற்ற தமிழய்யா

தாளம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேற்றுமை உருபு உதைக்கிறது. "அவனுக்குப் பொறுமை இருக்கு" சரி. "அவனுக்கு என் ஹெல்மெட் இருக்கு" என்றால் அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். கையில் வைத்திருப்பதற்குத் தமிழில் "அவன்கிட்ட" வேண்டும். முதல் ரெண்டுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே உருபு பொருந்தாவிட்டால் கேட்கிறவர் இடறுவார், இடறின இடத்தில் சிரிப்பு வராது. "இவன்கிட்ட" என்று தொடங்கினால் குணமும் பொருந்தும், பொருளும் பொருந்தும். ஹெல்மெட் வரி சொன்னவர் யோசித்துச் செய்தாரோ, வாய்க்கு வந்ததோ, சரியான சொல்லில் தொடங்கியிருக்கிறார்.

இன்னொன்று, "ஹெல்மெட்டும்" என்பதில் உள்ள "உம்". முன்னதோடு சேர்த்துக் கட்டுகிற இடைச்சொல் அது. சேர்ந்தாற்போல வந்தால் அதிர்ச்சி பாதி குறையும்.

கருவாட்டுக்கடை அக்கா

ஐயா சொல்றது சரிதான், ஆனா "இருக்கு"வை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். காசிமேட்டுல பதினஞ்சு வருஷமா கடை போடுறேன், நாள் பூரா வாய்ச்சண்டைதான். முதல் தடவை இருக்கு, ரெண்டாவது தடவை இருக்குன்னு சொல்லிட்டா, மூணாவது "இருக்கு" வரும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச வார்த்தையை எவனும் காதுல வாங்குறதில்லை. அதுக்கு முன்னாடி வார்த்தையிலயே சிரிச்சுடுவான், அந்தச் சிரிப்புல "இருக்கு" முழுகிப்போயிடும். எங்க கடையில "இவர்கிட்ட பை இருக்கு, பர்ஸ் இருக்கு, பேரம் பேச நாள் பூரா நேரம் இருக்கு"ன்னுவேன். வந்தவரே சிரிச்சுட்டு வாங்கிட்டுப் போவாரு.

தம்பிக்கு நான் சொல்றது மூச்சைப் பத்தி. மூணாவதுக்கு முன்னாடி நீ நிறுத்தினியா? நிறைய பேரு அங்கதான் கெடுக்குறாங்க. ஒன்னு சொல்லி மூச்சு விடுவான், ரெண்டு சொல்லிட்டு எல்லார் மூஞ்சியையும் ஒரு சுத்து பார்த்துட்டு அப்புறம் மூணாவதைச் சொல்லுவான். அதுக்குள்ள எதிர்ல இருக்கிறவன் யூகிச்சிருப்பான். முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்ளோ மூச்சோ, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அதே மூச்சுதான் இருக்கணும். ஏலத்துல ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு ஒரே அளவுலதானே கூவுறாங்க.

மைக்செட் தினேஷ்

அக்கா, நான் நிறுத்தினேன். நிறுத்தி, சிரிச்சேன் வேற. வீடியோல பார்த்தேன்.

அவன் நிறுத்தவே இல்லை. "ஹெல்மெட்"னதும் மைக்கை வாயில இருந்து கீழ இறக்கிட்டான். மைக்செட் காரனா எனக்கு அது புரியுது. கல்யாண மண்டபத்துல எதிரொலி அதிகம். வரியோட கடைசி அசைகள் சுவத்துல மோதித் திரும்பி வந்து அடுத்த வார்த்தைமேல விழும். கடைசி வார்த்தைக்கு அப்புறம் ஒன்னும் பேசலன்னா அந்த எதிரொலியே அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிக்குடுக்கும். இத்தனை வருஷம் ஸ்பீக்கர் கட்டுறேன், இதை என் பேச்சுக்குப் பொருத்திப் பார்த்ததே இல்லை.

தொண்டை மருமகள்

எனக்கு ஒரு சந்தேகம். கல்யாணமாகி ஆறு மாசம் ஆகுது. போன வாரம் நாத்தனார் வீட்டுக்காரங்க வந்திருந்தப்போ மாமியார் என்னைப் பத்தி, "படிச்சிருக்கா, வேலைக்குப் போறா, சோறுதான் குழைஞ்சுபோகுது"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி அழுகை வந்துச்சு. இது ஜோக்கா, திட்டா? நீங்க சொல்ற கணக்குப்படி மூணும் இருக்கு, மூணாவது மாறவும் மாறுது.

கேரம் கார்த்தி

ஜோக்குதான். எல்லாரும் சிரிச்சாங்கன்னு நீங்களே சொல்றீங்களே அக்கா.

கருவாட்டுக்கடை அக்கா

கார்த்தி, நீ சும்மா இரு. எல்லாரும் சிரிக்கிறது ஒரு கணக்கு, சொல்லப்பட்டவ சிரிக்கிறது ஒரு கணக்கு. அம்மாடி, சோறு நெஜமாவே குழையுதா?

தொண்டை மருமகள்

ஆமா. எங்க வீட்டுல விறகடுப்பும் வடிச்ச சோறும்தான். குக்கர் எனக்குப் புதுசு. மூணு விசில் விட்டா குழையுது, ரெண்டு விட்டா நறுக்குன்னு இருக்கு.

கருவாட்டுக்கடை அக்கா

அப்போ அவங்க குத்தினது உனக்கு ஏற்கெனவே வலிக்கிற இடம். ஹெல்மெட் கதையில அந்தப் பையன் சொன்னதுல நஷ்டம் யாருக்கு? சொன்னவனுக்கு. அவன் ஹெல்மெட்தானே போச்சு. மாப்பிள்ளைக்கு மேடையில ஒன்னும் குறையல, இன்னும் சொல்லப்போனா கேட்டதும் குடுக்கிற அளவுக்கு நட்புன்னு வெளிய தெரிஞ்சுது. உன் மாமியார் சொன்னதுல அவங்க ஒன்னும் இழக்கல. நஷ்டம் பூரா உன் தலையில. நான் பார்த்த வரைக்கும் இதுதான் வித்தியாசம். (மூணாவது விசிலுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சுட்டு ஆவி தானா அடங்கட்டும்னு விடு. தண்ணியும் ஒரு அரை டம்ளர் குறைச்சுக்கோ.)

ஓய்வுபெற்ற தமிழய்யா

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மருமகளே, "சோறுதான் குழையுது" என்பதிலும் சபைக்கு யூகிக்க எதுவும் மிச்சம் இல்லை. குறை நேராகவே சொல்லப்பட்டது. முன்னாடி ரெண்டு பாராட்டு வந்ததால் அதற்குச் சிரிப்பின் உருவம் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் உங்க மாமியார் மனசில் என்ன இருந்தது என்பதை அந்த வாக்கியத்தை வைத்து நான் சொல்ல முடியாது. உறவுக்காரர் முன்னால் உங்களைத் தன் பெண் மாதிரி உரிமையோடு ஓட்டினதாகவும் அவர் நினைத்திருக்கலாம்.

டோலக்கு மாமா

வணக்கம். வியாசர்பாடி. சாவு வீட்டுல, கல்யாணத்துல கானா பாடுற ஆளு நான். எழுத வராது, பையன் டைப் பண்றான்.

கானாவுல மூணுன்னு கணக்கு கிடையாது. இயைபுதான் கணக்கு. "வந்தான், தந்தான்"னு போயிட்டா, அடுத்த வரி முடியும்போது "-ந்தான்"ல முடியப்போற வார்த்தையைக் கூட்டமே வாயில வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். அந்த வார்த்தையை நான் தரமாட்டேன். அதே ஓசையில இன்னொன்னைத் தருவேன். அப்பதான் விசில் பறக்கும். ஓசையைக் காப்பாத்தணும், அர்த்தத்தை மாத்தணும். ரெண்டையும் மாத்திட்டா பாட்டு உடைஞ்சுபோன மாதிரி இருக்கும், யாரும் சிரிக்கமாட்டான்.

செத்தவரைக்கூட ஓட்டிப் பாடுவோம். அவர் சம்சாரமே அழுதுக்கிட்டே சிரிக்கும். ஆனா அங்க எடுக்கிற வார்த்தை அவர் பீடி, அவர் சைக்கிள், அவர் வெச்சிருந்த புறா. இந்த மாதிரி சின்னப் பொருளா இருக்கணும். அவர் குடிச்சதையோ, அடிச்சதையோ பாடினா எழவு வீடு சண்டை வீடாயிடும்.

கேரம் கார்த்தி

மாமா, அப்போ மூணு தேவையே இல்லைன்றீங்களா? நான் எல்லா இடத்துலயும் மூணுதான்னு படிச்சிருக்கேன்.

ஓய்வுபெற்ற தமிழய்யா

மூணு என்பது சட்டம் இல்லை, சுருக்குவழி. ஒன்றைச் சொன்னால் அது வெறும் ஒன்று. ரெண்டாவது அதே மாதிரி வந்தால்தான் "ஓ, இப்படித்தான் போகப்போகுது" என்று மனசு ஒரு கோடு போடும். கோடு போடக் குறைந்தது ரெண்டு புள்ளி வேண்டும் இல்லையா, அதனால் உடைக்கிற இடம் மூன்றாவதாக வந்து நிற்கிறது. நாலாவது வரை இழுத்தால், கேட்கிறவர் "இவ்வளவு பாராட்டுறானே, எங்கேயோ வைக்கப்போறான்" என்று உஷாராகிவிடுவார். பால் ரோஸின் என்ற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் 2006ல் இதையே எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி ரெண்டு, வேறு மாதிரி ஒன்று என்கிற அமைப்பு ஜோக்கிலும் இசையிலும் ரொம்ப அதிகம், சின்னதாக ஒரு தடவை திரும்பச் சொல்வதே எதிர்பார்ப்பை உண்டாக்கப் போதும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் எதிர்பார்ப்பு ஏற்கெனவே சபையில் இருந்தால் ரெண்டு புள்ளியும் வேண்டாம். மாமாவுக்கு இயைபு அந்த வேலையைச் செய்கிறது. வள்ளுவருக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது. 1073வது குறள்:

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்.

"தேவர் அனையர்" என்றதும் நாம் உயர்வான காரணம் ஏதோ வரும் என்று காத்திருப்போம். அடுத்த சொல்லே "கயவர்". கயவர் எப்படித் தேவரைப் போல? காரணத்தை ரெண்டாவது அடியில்தான் தருகிறார். தாம் விரும்பினதையெல்லாம் செய்துகொண்டு திரிவதால். தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பதில் ரெண்டு பேரும் ஒன்று. மூணு அடுக்கவில்லை, தேவர் என்ற சொல்லின் மேல் நமக்கிருந்த மரியாதையையே அடுக்காகப் பயன்படுத்திக்கொண்டார். "தட்டிக்கேட்க ஆள் இல்லை" என்பதை அவர் எழுதவில்லை, கணக்கை நாம்தான் முடிக்கிறோம்.

புளியந்தோப்பு வாசகி

எல்லாத்தையும் படிச்சேன். ஒன்னு எனக்கு மனசுல ஆறவே மாட்டேங்குது, அதனால எழுதுறேன்.

நான் வேலை பார்க்கிற ஆபீஸ் தெற்குப் பக்கம். ஒரு விழாவுல மேடையில இருந்தவர் சொன்னாரு: "நம்ம சென்னையில கடல் இருக்கு, கச்சேரி இருக்கு, புளியந்தோப்பு இருக்கு." எல்லாரும் சிரிச்சாங்க. ஐயா சொன்ன அத்தனையும் அதுல சரியா இருக்கு. ரெண்டு ஒரே மாதிரி, மூணாவது மாறுது, குத்துற வார்த்தை கடைசியில, குத்தத்தை அவர் வாயால சொல்லவே இல்லை. சபைதான் யூகிச்சு முடிச்சுக்கிட்டுது. என்னன்னு முடிச்சுக்கிட்டுது? ரவுடின்னு, கத்தின்னு. எங்க தெருவுல காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடுறவங்கதான் இருக்கோம். அவர்கிட்ட போய்க் கேட்டா "நான் ஊர் பேரைத்தானே சொன்னேன்"னு சொல்லுவாரு, கேக்கவும் முடியாது.

அதனால கடைசி வார்த்தை எதிர்பாராததா இருந்தா திட்டு ஜோக்காயிடும்னு நீங்க சொல்றதை என்னால முழுசா ஏத்துக்க முடியல.

ஓய்வுபெற்ற தமிழய்யா

அம்மா, நீங்கள் சொல்வது நான் விட்ட இடம். சபை தானே முடித்துக்கொள்கிறது என்றேன், எதை வைத்து முடிக்கிறது என்று சொல்லவில்லை. ஹெல்மெட் விஷயத்தில் அந்த ஒரு நண்பனின் ஒரு பழக்கத்தை வைத்து முடிக்கிறது, அவனை அறிந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்க ஊர் விஷயத்தில், அங்கே போயே பார்க்காதவர்கள் மனசில் ஏற்கெனவே கிடக்கிற அவதூறை வைத்து முடிக்கிறது. ரெண்டுக்கும் கட்டு ஒன்றுதான். சிரித்தவர்களுக்கு அது ஜோக், உங்களுக்கு வசை. கட்டில் குறை கண்டுபிடிக்க முடியாதபோது வசை இன்னும் ஆழமாக இறங்கும், பதில் சொல்லப் பிடிமானமே கிடைக்காது.

கேரம் கார்த்தி

அப்போ ஏரியா பேர் வெச்சு நம்மளே நம்மள ஓட்டிக்கிறோமே, அது?

டோலக்கு மாமா

நம்ம தெருவுல நம்ம பாடுறது வேற தம்பி. அது நம்ம நஷ்டம், நம்மளே பாடுறோம்.

புளியந்தோப்பு வாசகி

மாமா, எனக்கு அதுவும் சில நேரம் கஷ்டமாத்தான் இருக்கு. நம்ம பாடினதைத்தான் வெளிய இருக்கிறவங்க எடுத்துக்கிறாங்க.

மைக்செட் தினேஷ்

எல்லாருக்கும் நன்றி. நேத்து நண்பன் வீட்டுக்குப் போனேன். மறுவீடு முடிஞ்சு வந்திருந்தான், சித்தப்பாவும் இருந்தாரு. கடன்னு நான் சொன்னது டீக்கடை கணக்கும் பெட்ரோலுக்கு வாங்கின இருநூறும்தான்னு அவர்கிட்ட நேரா சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவர் ஒன்னும் பெருசா எடுத்துக்கல. நண்பன் காபி போட்டுக் குடுத்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கேரம் கிளப் ஆண்டு விழா. செயலாளரை ஓட்டணும், ரொம்ப நல்ல மனுஷன். ராத்திரி எழுதினது: "இருபது வருஷமா இந்தக் கிளப் நிக்கிறதுக்குக் காரணம் எங்க செயலாளரோட உழைப்பு, செயலாளரோட நேர்மை, செயலாளர் வீட்டம்மாவோட டீ." டீ கொண்டாந்து குடுக்கிறது அவங்கதான், அவங்களும் விழாவுக்கு வர்றாங்க. இதுல யாருக்காவது வலிக்குமா?

கருவாட்டுக்கடை அக்கா

வலிக்காது. அந்தம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும். ஆனா மூணு தடவை "செயலாளர்" வாயில நிக்காது. "இவரோட உழைப்பு, இவரோட நேர்மை, இவர் வீட்டம்மாவோட டீ"ன்னு சொல்லு.

ஓய்வுபெற்ற தமிழய்யா

"டீ" என்று நெடிலில் முடிவது நல்லது, குரல் நீளும். "டீதான்" என்று சொல்லிவிடாதீர்கள்.